பில் குவிகிறது, கணக்கோ ஆள் அதிகம் என்கிறது: பேக் ஆபீஸ் நேரக் கணக்கில் பிழை எங்கே?

ஒரு தொழிற்சாலையின் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவை எடுத்துக்கொள்வோம். சப்ளையர்கள் அனுப்பும் பில்லைச் சரிபார்த்து, சிஸ்டத்தில் பதிந்து, பணம் கொடுக்கத் தயார் செய்து வைப்பது இவர்கள் வேலை. மாதம் 6,000 பில் வருகிறது. ஒரு பில்லுக்கு 7 நிமிடம் என்று யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் இருக்கிறார்கள். வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, சனி ஞாயிறு விடுமுறை.

நிர்வாகத்திடம் இருக்கும் எக்செல் ஷீட் சொல்வது இது: 6,000 × 7 = 42,000 நிமிடம், அதாவது 700 மணி நேரம். ஒருவர் மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 176 மணி நேரம் தருவார். 700-ஐ 176-ஆல் வகுத்தால் 3.98. எனவே நாலு பேர் போதும், இரண்டு பேர் கூடுதல்.

ஆனால் போன மாதம் அந்த ஆறு பேரும் சேர்ந்து முடித்தது 4,700 பில்தான். மாதக் கடைசியில் பழைய பாக்கியையும் சேர்த்து 1,500 பில் பெண்டிங். இவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஷீட்டைச் சோதிக்க வேண்டும். இந்த உதாரணத்தின் எண்களை நான் கணக்கு வசதிக்காக வைத்திருக்கிறேன். உங்கள் பிரிவின் எண்களைப் போட்டு இதே வரிசையில் போங்கள்.

முதலில் ஒரு மாதத்தின் பதிவுகளை எடுத்து வையுங்கள்: மாதத் தொடக்கத்தில் இருந்த பாக்கி, அந்த மாதம் வந்தது, முடித்தது, மாதக் கடைசியில் நின்ற பாக்கி. தொடக்கப் பாக்கியோடு வந்ததைக் கூட்டி, முடித்ததைக் கழித்தால் கடைசிப் பாக்கி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ பில் எண்ணப்படாமல் கிடக்கிறது. பெரும்பாலும் யாராவது ஒருவரின் மெயில் இன்பாக்ஸில் இருக்கும். அதைத் தேடி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அறிகுறி: ஷீட் எப்போதும் உண்மையைவிடக் குறைவான ஆளைக் காட்டுகிறது

ஆள் எண்ணிக்கை நிஜத்தில் தேவைப்படுவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வந்துகொண்டிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 176-ஐத்தான். அது சம்பளம் கொடுக்கும் நேரம். பில் பதியும் நேரம் அல்ல.

ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். 365 நாளில் சனி ஞாயிறு 104 போனால் 261. கம்பெனி விடுமுறைப் பட்டியலில் 12 நாள் இருப்பதாக வைத்தால் 249. விடுப்பைப் பொறுத்தவரை, விதிப்படி எத்தனை நாள் உண்டு என்பதைப் பார்க்காமல், போன ஆண்டு வருகைப் பதிவேட்டில் ஒருவர் சராசரியாக எத்தனை நாள் எடுத்தார் என்று பாருங்கள். 25 நாள் என்று வைப்போம். பயிற்சிக்கு 3 நாள். மிச்சம் 221, மாதத்துக்கு 18.4 நாள். உங்கள் அலுவலகம் சனிக்கிழமையும் இயங்கினால் எண்கள் மாறும், வழி அதேதான்.

இனி ஒரு நாளுக்குள் போவோம். ஒன்பது மணி நேரத்தில் சாப்பாடும் டீயும் ஒரு மணி நேரம். மிச்சமுள்ள 480 நிமிடத்தில் காலை மீட்டிங் 15, உள் மெயில்களும் மற்றக் கூட்டங்களும் 25, லாகின் செய்வது, சிஸ்டம் மெதுவாவது, பிரிண்டர் நிற்பது 20, பக்கத்து சீட்டுக்காரர் சந்தேகம் கேட்பது, எழுந்து போய் வருவது, கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காருவது எல்லாம் சேர்ந்து 36. மொத்தம் 96 நிமிடம். பில் மீது கை இருக்கும் நேரம் 384 நிமிடம், அதாவது 6.4 மணி நேரம்.

18.4 × 6.4 = சுமார் 118. ஒருவர் மாதத்துக்குத் தரக்கூடிய உற்பத்தி நேரம் இவ்வளவுதான். 700-ஐ இதால் வகுத்தால் 5.93, அதாவது ஆறு பேர். கூடுதல் என்று சொல்லப்பட்ட இரண்டு பேர் இந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டார்கள்.

இந்த 6.4-ஐ யாரும் விரும்புவதில்லை. மேலதிகாரி பார்த்துவிட்டு "எட்டு மணி நேரச் சம்பளத்துக்கு ஆறரை கூட இல்லையா?" என்பார். உடனே அதை 7.5 என்று திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். திருத்துவதால் மீட்டிங் குறையாது, சிஸ்டம் வேகமாகாது. பாக்கி மட்டும் கூடும். 96 நிமிடத்தில் எதைக் குறைக்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சிஸ்டத்துக்காக வீணாகும் 20 நிமிடத்தில் பத்தைக் குறைத்தால் நாள் 6.57 மணி நேரமாகும். அது நிஜமான லாபம்.

இந்த இடத்தில் இரண்டு சிறிய பிழைகள் அடிக்கடி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று, இழப்பைக் கூட்டிச் சேர்ப்பது. 176-இல் 118 என்றால் இழப்பு 33 சதவீதம். உடனே 3.98-ஐ 1.33-ஆல் பெருக்கி 5.3 என்று போட்டு, ஐந்து பேர் சமாளிப்பார்கள் என்று முடிக்கிறார்கள். சரியான வழி 3.98-ஐ 0.67-ஆல் வகுப்பது. அப்போது 5.94 வரும். இழப்பு சம்பள நேரத்தின் பங்கு என்பதால் வகுக்கத்தான் வேண்டும்.

மற்றொன்று இதற்கு நேர் எதிரான பிழை: ஒரே இழப்பை இரண்டு முறை கழிப்பது. வேலை அளவை செய்தவர்கள் சில சமயம் களைப்பு, இடைத்தாமதம் ஆகியவற்றுக்கென்று 7 நிமிடத்துக்குள்ளேயே 10 அல்லது 15 சதவீதம் சேர்த்திருப்பார்கள். அதே களைப்பை நாளிலிருந்தும் கழித்தால் ஆள் தேவை ஊதிப்போகும். நிமிடத்தை அளந்தவரிடம் "இதில் ஓய்வு நேரம் சேர்ந்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: நேரத்தைத் திருத்தியாயிற்று, ஆறு பேர் என்று வருகிறது, ஆறு பேரும் இருக்கிறார்கள், பாக்கி மட்டும் குறையவில்லை

இனி அந்த 7 நிமிடத்தைத் தொட வேண்டும். எனக்குத் தெரிந்து பேக் ஆபீஸ் கணக்குகளில் மிக அதிகமாகத் தவறுவது இந்த எண்தான். அளந்த நாள், அளக்கப்பட்ட ஆள், எடுத்த பில் மூன்றும் சாதகமாக அமைந்துவிடும். மாத ஆரம்பத்தில், பிரிவிலேயே வேகமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நேராகப் போகும் பில்களை அளந்தால் 7 வரத்தான் செய்யும்.

எல்லாப் பில்லும் ஒரே வேலை அல்ல. பர்ச்சேஸ் ஆர்டரும், சரக்கு வந்ததற்கான ஜி.ஆர்.என்.னும், பில்லும் மூன்றும் ஒத்துப்போனால் நாலு நிமிடத்தில் முடியும். ஆர்டரே இல்லாத பில்கள், அதாவது கரண்ட் பில், செக்யூரிட்டி சர்வீஸ், வக்கீல் கட்டணம் போன்றவை, எந்தச் செலவுக் கணக்கில் போட வேண்டும், யார் ஒப்புதல் என்று பார்க்க வேண்டியிருப்பதால் ஒன்பது நிமிடம் பிடிக்கும். மூன்றாவது வகை ஒத்துப்போகாத பில்: ஆர்டரில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. நூறு பெட்டி வந்ததாகப் பில், தொண்ணூற்றாறு என்று ஜி.ஆர்.என். ஜி.எஸ்.டி. எண் தவறு. இதற்கு ஸ்டோர்ஸுக்கு ஒரு மெயில், பர்ச்சேஸுக்கு ஒரு போன், இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து முதலிலிருந்து படிப்பது என்று ஆகும். ஒரு முறை தொடுவது ஆறேழு நிமிடம்தான். ஆனால் அந்தப் பில்லை மூன்று முறையாவது தொடுகிறோம். எல்லாத் தொடுதலையும் கூட்டினால் 22 நிமிடம்.

மூன்று வகையையும் தனித்தனியாக ஷீட்டில் போடுங்கள். B பத்தியில் எண்ணிக்கை, C பத்தியில் நிமிடம்:

```
B2: 3600   C2: 4
B3: 1500   C3: 9
B4: 900    C4: 22
B6: =SUMPRODUCT(B2:B4,C2:C4)/60
B7: =18.4*6.4
B8: =B6/B7
```

B6-இல் 795 மணி நேரம் வரும், B8-இல் 6.75. சராசரி நிமிடம் 7 அல்ல, 7.95. ஒரு நிமிடம்கூட முழுதாக வித்தியாசம் இல்லைதான். ஆனாலும் மாதத்துக்கு 95 மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு ஆள்.

இந்த மூன்று வரிகளில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. ஒத்துப்போகாத பில் எண்ணிக்கையில் 15 சதவீதம்தான். நேரத்தில் அது 330 மணி நேரம், மொத்தத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். ஆள் கேட்பதற்கு முன்னால் இந்த வரியைக் குறைக்க முடியுமா என்று பார்க்க இதுவே காரணம். எந்தச் சப்ளையர்களிடமிருந்து இவை அதிகம் வருகின்றன என்று ஒரு மாதப் பட்டியல் எடுத்தால், பெரும்பாலும் சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அவர்களுடைய ஆர்டரில் பழைய விலை திருத்தப்படாமல் கிடக்கும், அல்லது ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். போடுவது தாமதமாகும். 15-ஐ 10 சதவீதமாக்கினால், 300 பில் 22 நிமிடத்திலிருந்து 4 நிமிடத்துக்கு இறங்கும். மாதம் 90 மணி நேரம் மிச்சம்.

நிமிடத்தை எப்படி அளப்பது? ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்க வேண்டாம். நின்றால் வேகமும் மாறும், மனமும் கசக்கும். இரண்டு வாரத்துக்கு ஒவ்வொருவரும் பில்லின் வகை, எடுத்த நேரம், வைத்த நேரம் மூன்றை மட்டும் குறிக்கட்டும். அதில் ஒரு வாரம் மாதக் கடைசியாக இருக்கட்டும். புதியவர், நடுத்தரமானவர், அனுபவசாலி எல்லாரும் எழுத வேண்டும். இதை எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தனிநபர் வேகத்தை மதிப்பிடுவதற்கு இது பயன்படாது என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எழுதும் எண்களை நீங்களே நம்ப முடியாது.

சிஸ்டத்தில் பதிவான நேரத்தை அப்படியே எடுக்கலாமே என்று தோன்றும். பில்லைத் திறந்த நேரத்துக்கும் மூடிய நேரத்துக்கும் நடுவில் சாப்பாடும் இருக்கும், ஒரு மீட்டிங்கும் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு கையில் வந்த பிறகு இன்னொரு சறுக்கல் உண்டு. ஒத்துப்போகாத பத்துப் பில்லில் எட்டு, ஒவ்வொன்றும் 12 நிமிடத்தில் முடிந்தது, இரண்டு மட்டும் ஒவ்வொன்றும் 62 நிமிடம் இழுத்தது என்று வைப்போம். "வழக்கமாக 12 நிமிடம்தான், அந்த இரண்டும் விதிவிலக்கு" என்று சொல்லி அவற்றைத் தூக்கிப் போடுவது இயல்பாகவே படும். போட்டால் 900 பில்லுக்கு 180 மணி நேரம் என்று வரும். சராசரி 22, அதன்படி 330. அந்த 150 மணி நேரத்தை யாரோ வேலை செய்துதான் தீர்க்க வேண்டும். ஒரு பில்லுக்கு எவ்வளவு ஆகும் என்று சப்ளையரிடம் சொல்வதற்கு நடுமதிப்பான 12 சரி. மொத்த மணி நேரம் கணக்கிட, இழுத்தடித்த பில்லையும் சேர்த்த கூட்டுச் சராசரிதான் வேண்டும்.

அறிகுறி: ஷீட்டில் நேரம் மிச்சமாகிறது, ஆனால் ஒருவரும் சும்மா இல்லை

இதை வேறு திசையிலிருந்து பிடிக்கலாம். போன மாதம் ஆறு பேர், வருகைப் பதிவும் சராசரியோடு ஒத்துப்போனது. கையிலிருந்த உற்பத்தி நேரம் 6 × 118 = 708 மணி நேரம். முடித்தது 4,700. நிமிடமாக்கி வகுத்தால் ஒரு பில்லுக்கு 9 நிமிடத்துக்குச் சற்று மேல். அளந்த எண்ணோ 7.95. நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் எங்கே போனது?

4,700 பில்லுக்கு 7.95 நிமிடம் வீதம் 623 மணி நேரம். 708-இல் அதைக் கழித்தால் 85. இந்த 85 மணி நேரம் பில் அல்லாத வேறு வேலையில் போயிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். பிரிவில் உட்கார்ந்து கேட்டால் விடை வந்துவிடும்: "எங்க பணம் எப்ப வரும்?" என்று கேட்கும் சப்ளையர் போன்களும் மெயில்களும் 38 மணி நேரம். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யை நம் பதிவோடு ஒப்பிடுவது 22. பெரிய சப்ளையர்களின் கணக்கு ஸ்டேட்மென்ட்டைத் தட்டிப் பார்ப்பது 14. புது சப்ளையரை சிஸ்டத்தில் சேர்ப்பது, ஆடிட்டர் கேட்கும் பேப்பரை எடுத்துக் கொடுப்பது 7. மொத்தம் 81. நாலு மணி நேர வித்தியாசத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த நேரத்தைப் பில் நிமிடத்தோடு கலந்து 9 என்று வைத்துக்கொள்ளலாமே என்றால், கலக்கக் கூடாது. பில் 6,000-இலிருந்து 7,000 ஆனால் 2பி ஒப்பிடும் வேலை அதே விகிதத்தில் ஏறாது. பில் குறைந்தாலும் ஆடிட்டர் கேட்பது குறையாது. பாக்கி கூடினால் சப்ளையர் போன்தான் பில்லைவிட வேகமாகக் கூடும். தனி வரியாக மாத மணி நேரம் என்றே எழுதுங்கள். 795-உடன் 85 சேர்ந்து 880. 118-ஆல் வகுத்தால் 7.46. எட்டுப் பேர்.

ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஆறு பேரிடம் 708 மணி நேரம், தேவை 880. குறை 172. அதை 7.95 நிமிடத்தால் வகுத்தால் சுமார் 1,300 பில். 6,000 வந்து 4,700 முடிந்த மாதத்தில் பாக்கி அவ்வளவுதான் கூடியது. ஆனால் இதில் மனநிறைவு அடையாதீர்கள். 85 என்ற எண்ணை அதே மாதத்திலிருந்துதானே எடுத்தோம், அந்த மாதத்துக்குச் சரியாக வராமல் இருக்காது. அதற்கு முந்தைய மாதத்தை எடுங்கள். அப்போது 4,900 பில் வந்தது, அதே ஆறு பேர் என்றால், பாக்கி 200 அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். பதிவு 150 என்றோ 250 என்றோ சொன்னால் ஷீட்டை நம்பலாம். 700 என்று சொன்னால் இன்னும் ஏதோ ஒன்று வெளியே நிற்கிறது. தேடிய பிறகுதான் ஆள் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். நடந்து முடிந்த மாதத்தின் பாக்கியைச் சொல்லத் தெரியாத ஷீட்டை, வரப்போகும் ஆண்டுக்கு நம்பிப் பயனில்லை.

அறிகுறி: மாத மொத்தம் சரியாக வருகிறது, கடைசி வாரம் மட்டும் தாங்கவில்லை

எட்டுப் பேர் வந்தாயிற்று என்று வைப்போம். 944 மணி நேரம், தேவை 880. இருந்தாலும் மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரிகிறது. காரணம், பில்கள் நாளுக்கு இத்தனை என்று சமமாக வருவதில்லை. கடைசி ஐந்து வேலை நாளில் மாதத்தின் 40 சதவீதம் வந்தால் அது 2,400 பில், 318 மணி நேரம். அந்த வாரம் யாரும் விடுப்பு எடுக்காவிட்டாலும் எட்டுப் பேர் தரக்கூடியது 8 × 32 = 256. குறை 62 மணி நேரம். அதுவும் போன், ஸ்டேட்மென்ட் வேலைகளை முழுக்க நிறுத்தி வைத்தால்தான்.

முதல் பதினைந்து நாளில் மிச்சமான நேரத்தைச் சேமித்து வைத்துக் கடைசியில் எடுக்க முடியாது. பில்லைத் தள்ளி வைக்கலாம், மணி நேரத்தைத் தள்ளி வைக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த 62 மணி நேரம் எத்தனை நாள் தள்ளிப்போகலாம் என்பதுதான். எட்டுப் பேர் ஒரு நாளில் 51 மணி நேரம் செய்வார்கள். அப்படியானால் அடுத்த மாதத்தின் இரண்டாவது வேலை நாளுக்குள் முடிந்துவிடும். மாதக் கணக்குப் புத்தகத்தை அடுத்த மாதம் மூன்றாவது நாள்தான் மூடுகிறார்கள் என்றால் இது பிரச்சினையே இல்லை, புது ஆள் வேண்டாம். கடைசி நாள் மாலையே மூட வேண்டும் என்றால், சரக்கு வந்து பில் பதியாத தொகைக்கு ஜி.ஆர்.என். அடிப்படையில் ஒதுக்கீடு போட்டுவிட்டு, பில்லைப் பிறகு பதிய ஃபைனான்ஸ் ஒப்புக்கொள்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மட்டும் அந்த ஒரு வாரத்துக்கு வேறு பிரிவிலிருந்து இரண்டு பேர். மாதம் முழுக்கச் சம்பளம் கொடுத்து உச்ச வாரத்துக்காக ஆள் வைப்பது கடைசி வழி.

2பி வேலை இந்த நெரிசலில் சேராது என்பது ஒரு நிம்மதி. அந்தப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, வரி கட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்குக் கடைசி நாள் 20. ஆகவே அந்த 22 மணி நேரம் நடுவில் ஆறேழு நாளில் விழும். அந்த நாள்களில் விடுப்பு கொடுக்கும்போது நினைவில் இருக்கட்டும். மார்ச் மாதத்தை மட்டும் சராசரிக்குள் போடாமல் தனி வரியாக வையுங்கள். ஆண்டு முடிவுக்குப் பில் கொட்டுவது ஒரு பக்கம். சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டிய தொகையைக் கொடுக்காமல் ஆண்டு முடிந்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது என்ற விதியால், பழைய பாக்கியையெல்லாம் தோண்டி எடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வருவது இன்னொரு பக்கம்.

அறிகுறி: தேவையான ஆள் வந்த பிறகும் பழைய பாக்கி அசையவில்லை

எட்டுப் பேர் என்பது மாதாமாதம் வருவதை முடிக்கப் போதுமான எண்ணிக்கை. நிற்கும் 1,500 பில் தனி வேலை. அதற்கு 7.95 நிமிடம் வீதம் சுமார் 200 மணி நேரம். மாதம் மிச்சப்படும் 64 மணி நேரத்தில் அதைக் கரைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஒத்துப்போகாத பில்லைக் குறைத்து அந்த 90 மணி நேரத்தையும் மிச்சம் பிடித்தால், ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். ஓவர்டைமில் தீர்ப்பதாக இருந்தால் தேதி குறித்து, முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த 200-உம் நம்பத்தகுந்ததா என்று பார்க்கப் பாக்கியைத் திறந்து வகை பிரியுங்கள். தேதி வரிசையில் வேலை செய்யும் பிரிவில் பாக்கியும் வழக்கமான கலவையாகவே இருக்கும். எளிதானதை முதலில் எடுத்து முடிக்கும் பழக்கம் இருந்தால், நிற்பதில் பாதி ஒத்துப்போகாத பில்லாக இருக்கலாம். அப்படி 750 அந்த வகை, 450 நேரான பில், 300 ஆர்டர் இல்லாதது என்றால் அதே 1,500 பில்லுக்கு 350 மணி நேரம் ஆகும். கூடவே இன்னொன்றும் தெரியும்: முடித்ததாகக் காட்டிய பில்கள் எளிதானவை என்பதால் மேலே நாம் கண்டுபிடித்த 85-உம் அந்த மாதத்தில் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். முடித்தவற்றை வகைவாரியாக எண்ணி அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த இருவரும் முதல் நாளிலிருந்தே முழு ஆள் அல்ல. முதல் மாதம் பாதி வேகம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பழையவரின் நேரத்தையும் கழியுங்கள்.

அறிகுறி: ஆறு மாதம் சரியாக வந்தது, திடீரென்று தப்புகிறது

பில் எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் ஏறினால், பில்லுக்குள் இருக்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள். லாரி வாடகைக்காரர் ட்ரிப்புக்கு ஒரு பில் என்று கொடுத்துக்கொண்டிருந்தவர், மாதத்துக்கு ஒரே பில்லாக நாற்பது ட்ரிப்பைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்திருப்பார். ஷீட்டுக்கு அது ஒரு பில், கைக்கு நாற்பது வரி. அந்த வகைக்கு மட்டும் பில்லை விட்டுவிட்டு வரிக்கு இத்தனை நிமிடம் என்று மாற்றுங்கள். சிஸ்டத்தில் புது ஸ்கிரீன் வந்தாலோ, ஒப்புதல் கொடுப்பவர்கள் மாறினாலோ அந்த வகையை மட்டும் ஒரு வாரம் மறுபடி அளந்தால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கத் தேவையில்லை.

எட்டுப் பேருக்கு இப்போதைய நிலையில் 944-இல் 880, அதாவது 93 சதவீதம் நிரம்பியிருக்கிறது. ஒருவர் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால் மிச்சம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஒத்துப்போகாத பில் 10 சதவீதத்துக்கு இறங்கினால் தேவை 790 ஆகும், நிரப்பு 84 சதவீதம். என் கருத்தில் இந்த வேலைக்கு 85-ஐ ஒட்டி இருப்பதுதான் தாங்கும். ஆகவே கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்தே எழுதுங்கள்: கூடுதலாக இரண்டு பேர், அதோடு பர்ச்சேஸும் ஸ்டோர்ஸும் ஆர்டர் விலையையும் ஜி.ஆர்.என். தாமதத்தையும் சரிசெய்ய ஒரு தேதி. இரண்டாவது கிடைத்து, போன்களும் குறைந்து, மாதத் தேவை 700-ஐ ஒட்டி வந்தால், அப்போது ஏழு பேர் போதுமா என்ற பேச்சைத் தைரியமாக எடுக்கலாம்.